சுடாமல் சம்பாதிக்க எக்ஸ்4

[திரையில்: விண்வெளி வரைபடம், அங்கங்கே நகரும் சரக்குக் கப்பல்கள்]

விண்வெளி விளையாட்டு என்றதும் லேசர் சண்டைதான் நினைவுக்கு வருகிறதா? உங்களுக்கு அது அலுப்பு, சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் பிடிக்கும் என்றால், ஜெர்மனியின் எகோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்4: ஃபவுண்டேஷன்ஸைப் பாருங்கள்.

இதில் கப்பல் சும்மா முளைக்காது. கப்பல் கட்டும் தளத்துக்குக் கப்பலின் உடற்பாகங்களான ஹல் பார்ட்ஸ் வேண்டும், அதற்குச் சுத்திகரித்த உலோகமும் கிராஃபீனும் எனர்ஜி செல்லும் வேண்டும், உலோகத்துக்குத் தாது, கிராஃபீனுக்கு மீத்தேன் என்று சங்கிலி இறங்கிக்கொண்டே போகும். இடையில் ஒன்று தீர்ந்தாலும் மேலே எல்லாம் நின்றுவிடும்.

[திரையில்: எனர்ஜி செல் விலை]

ஒரு கணக்கு போடுவோம். எனர்ஜி செல்லின் விலை 10 முதல் 22 கிரெடிட் வரை ஆடும். நிலையத்தின் கிடங்கு காலியாக இருந்தால் அதிக விலை கொடுத்து வாங்கும், நிரம்ப நிரம்ப விலை இறங்கும். சோலார் நிலையத்தில் 11-க்கு 4,000 செல் வாங்கி, காய்ந்து கிடக்கும் தொழிற்சாலையில் 19-க்கு விற்றால் 32,000 லாபம். ஆனால் நீங்கள் இறக்கிய சரக்கே அங்கே விலையைக் குறைத்திருக்கும், அதனால் அடுத்த நடை அதே லாபம் வராது.

சரி, காய்ந்த தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சுற்றிப் பார்க்கும் வேலைக்கு இங்கேதான் காசு. ஒரு நிலையத்தைக் கடந்து போய்விட்டால் அதன் விலை உங்களிடம் பழையதாகிவிடும், கிளம்பிப் போவதற்குள் வேறு யாராவது நிரப்பியிருப்பார்கள். பக்கத்தில் அட்வான்ஸ்டு சாட்டிலைட் ஒன்றை மிதக்க விட்டால் விலை தானாகப் புதுப்பித்துக்கொண்டே வரும். நீங்கள் முதலில் வாங்கிப் போட வேண்டியது துப்பாக்கி இல்லை, இதுதான்.

அப்புறம் சொந்தமாக ஹல் பார்ட்ஸ் தொழிற்சாலை கட்டுவீர்கள், எல்லாரும் கட்டுகிறார்கள். உற்பத்தி நின்றால் உடனே புதிய பகுதி சேர்க்காதீர்கள், நிலையத்தில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் லாஜிக்கல் ஓவர்வியூவைத் திறந்து பாருங்கள். கிராஃபீன் பட்டை காலியா? வரவு குறைவு, அல்லது மேலாளரின் கணக்கில் வாங்கப் பணமில்லை. ஹல் பார்ட்ஸ் பட்டையே நிரம்பி வழிகிறதா? வாங்க ஆளில்லை.

ஆளில்லாமல் போவதுதான் வேடிக்கை. கப்பல்கள் அழிந்தால்தான் புதிய கப்பலுக்கு ஆர்டர் வரும். ஜெனான் என்ற எதிரி இயந்திரப் படை எல்லையில் அடித்து நொறுக்கும்போது உங்கள் தொழிற்சாலை ஓயாது. அமைதி வந்தால் கப்பல் தளங்களின் கிடங்குகள் நிரம்பி, விலை அடிமட்டத்துக்குப் போய்விடும். துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் உங்கள் வாடிக்கையாளர் போர்தான்.

ஜெனான் உங்கள் சுரங்கக் கப்பலையும் விட்டுவைக்காது, அதனால் எல்லையை ஒட்டிய பகுதிகளில் தாது எடுக்க அனுப்பாதீர்கள்.