பிளாங்க் மாறிலி: மஞ்சள் ஃபில்டர்ல ஒரு கண் வைங்க

வணக்கம்ங்க. மெர்குரி விளக்கு எரிய ஆரம்பிச்சு கால் மணி நேரம் ஆச்சு, இப்பதான் வெளிச்சம் நிலையா இருக்கு. இந்தக் கருப்பு டப்பாவுக்குள்ள ஒளிமின்கலம் இருக்கு. முதல்ல டப்பா வாசலை மூடிட்டு மீட்டர்ல சுழியம் வெச்சிடுங்க.

இப்ப 365 நானோமீட்டர் ஃபில்டர். எதிர் மின்னழுத்தத்தை மெதுவா கூட்டுறேன், மின்னோட்டம் இறங்குது, இறங்குது... 1.86 வோல்ட்ல சுழியம். இதுதான் நிறுத்து மின்னழுத்தம். இதே மாதிரி 405-க்கு 1.53, 436-க்கு 1.32, பச்சை 546-க்கு 0.75, மஞ்சள் 578-க்கு 0.63.

நிறுத்து மின்னழுத்தத்தை அலைநீளத்துக்கு எதிரா அப்படியே வரைஞ்சா நேர்கோடு வராது. அதிர்வெண்ணா மாத்துங்க. 365-க்கு 8.21 × 10¹⁴ ஹெர்ட்ஸ், 578-க்கு 5.19 × 10¹⁴. அஞ்சு புள்ளிக்கும் பொருந்துற கோட்டோட சாய்வு 4.07 × 10⁻¹⁵. எலக்ட்ரான் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹-ஆல பெருக்கினா பிளாங்க் மாறிலி, 6.52 × 10⁻³⁴ ஜூல் செகண்ட். சரியான மதிப்பு 6.626, ஒண்ணரை சதவீதம் குறைவு.

கோடு மின்னழுத்த அச்சை வெட்டுற இடத்தைக் கேதோடோட வெளியேற்று ஆற்றல்னு நிறைய பேர் ரெக்கார்டுல எழுதிடுறாங்க. அது தப்புங்க. கேதோடும் ஆனோடும் வேற வேற உலோகம், அதனால தொடு மின்னழுத்தமும் அதுல சேர்ந்து, உண்மையில ஆனோடோட வெளியேற்று ஆற்றல்தான் அங்க வரும். ஆனா அது எல்லா நிறத்துக்கும் ஒரே அளவு. கோட்டை மேலயோ கீழயோ நகர்த்துமே தவிர, சாய்வைத் தொடாது.

சாய்வைக் கெடுக்கிறது நிறத்துக்கு நிறம் மாறுற பிழை. மஞ்சள் ஃபில்டர் ஓரத்துல கொஞ்சம் புற ஊதா கசிஞ்சாலே வேகமான எலக்ட்ரான்கள் வந்து, 0.63 இருக்க வேண்டிய இடத்துல 0.80 காட்டும். முதல், கடைசிப் புள்ளி ரெண்டை மட்டும் வெச்சுப் பார்த்தாலே மாறிலி 5.6-க்கு விழுந்திடும்! சந்தேகம்னா அதே மஞ்சள் ஃபில்டர் இன்னொண்ணை மேல வெச்சுத் திரும்ப எடுங்க. மதிப்பு இறங்கினா கசிவு இருக்குன்னு அர்த்தம். ரூம் டியூப்லைட்டையும் அணைச்சிடுங்க, அதுக்குள்ளயும் மெர்குரிதான்.

சரி, நமக்கு வந்த ஒண்ணரை சதவீதம்? மின்னழுத்தத்தை இன்னும் கூட்டுறேன், முள்ளைப் பாருங்க. சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிக்குது. கேதோடுல இருந்து ஆவியான பொட்டாசியம் ஆனோடு மேல படிஞ்சிருக்கு, வெளிச்சம் பட்டதும் அதுவும் எலக்ட்ரானை விடுது. அதனால சுழியம் கொஞ்சம் முன்னாடியே வந்திடுது. பெரும்பாலும் புற ஊதாலதான் இது அதிகம், மேல் புள்ளி தாழ்ந்து சாய்வு குறையும். இப்படி இருந்தா சுழியத்தை எடுக்காதீங்க. எதிர் மின்னோட்டம் மாறாம படுத்திருக்கிற கோட்டுல இருந்து வளைவு எழும்பத் தொடங்குற இடத்தை, அஞ்சு நிறத்துக்கும் ஒரே மாதிரி எடுங்க.