மோகினி எவ்வளவு நேரம் பெண்ணாக இருந்தாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாற்கடலைக் கடைந்து முடித்தாயிற்று. அமுதக் குடம் அசுரர் கையில். யார் முதலில் குடிப்பது என்று அவர்களுக்குள்ளேயே அடிதடி. அந்த நேரத்தில் ஒரு பெண் அங்கே வருகிறாள். சண்டை அப்படியே நின்றுபோகிறது. "அம்மா, நீயே எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடு" என்று கேட்கிறார்கள். அதற்கு அவள் சொல்கிற பதில் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. "காசியபரின் பிள்ளைகளே, கண்ட இடத்தில் திரிகிற ஒரு பெண்ணை எப்படி நம்புகிறீர்கள்? அறிவுள்ளவன் நம்பமாட்டானே" என்கிறாள். அசுரர்கள் சிரிக்கிறார்கள். ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துக் குடத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏமாற்ற வந்தவள் உண்மையைச் சொல்லியே ஏமாற்றுகிறாள். அவள்தான் மோகினி. திருமால் எடுத்த பெண் வடிவம்.

கடவுள் பெண்ணாக மாறுகிற கதைகள் நம்மிடம் நிறையவே உண்டு. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. ஆகவே இன்று மோகினி ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவளைப் பற்றிய ஒவ்வொரு கதையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். திருமால் எவ்வளவு நேரம் பெண்ணாக இருக்கிறார்? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் இந்தச் சம்பவம் இரண்டொரு சுலோகங்களில் முடிந்துவிடுகிறது. நாராயணன் மாயையால் பெண் வடிவம் கொண்டான், மனம் மயங்கிய அசுரர்கள் அமுதத்தைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை பேசுவதுகூடக் கிடையாது. பாகவதம்தான் அவளுக்கு நடை, பார்வை, பேச்சு எல்லாம் கொடுக்கிறது. "நான் செய்வது சரியோ தவறோ, ஒப்புக்கொள்வதானால் பங்கிடுகிறேன்" என்று முதலிலேயே நிபந்தனை போடுகிறாள். அப்புறம் தேவர்களைத் தனி வரிசையிலும் அசுரர்களைத் தனி வரிசையிலும் உட்காரவைத்து, அமுதத்தைத் தேவர் பக்கமே கொடுத்துக்கொண்டு போகிறாள். அசுரர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? அதற்கும் பாகவதம் காரணம் சொல்கிறது. கொடுத்த வாக்கை மீறக் கூடாது, ஒரு பெண்ணோடு சண்டை போடுவது அசிங்கம், அவளுக்குத் தங்கள் மேல் இருக்கிற அன்பும் போய்விடுமே என்ற பயம். கொஞ்சம் யோசித்தால், அன்று அசுரர்கள் நாகரிகமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். அதுவே அவர்களைக் கவிழ்த்தது.

பரிமாறி முடிந்த உடனே, அசுரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அரி தன் சொந்த உருவத்துக்குத் திரும்பிவிடுகிறார். பெண் உடல் இங்கே ஒரு காரியத்துக்காகப் போட்டுக்கொண்ட உடுப்பு மாதிரி. காரியம் முடிந்தது, கழற்றியாயிற்று. விலை கொடுத்தவர்கள் அசுரர்கள் மட்டும்தான். "பெண்ணை நம்பாதே" என்ற வசனத்தைப் பெண்ணின் வாயிலேயே வைத்ததும் எனக்கு உறுத்துகிறது. பெண் வடிவம் என்றாலே மாயை, வஞ்சனை என்று நினைக்கிற ஆண் மனம் அதில் தெரிகிறது.

அதே ஸ்கந்தத்தில் மூன்று அத்தியாயம் தள்ளி மோகினி மறுபடியும் வருகிறாள். சிவபெருமான் உமையோடு திருமாலிடம் வந்து, "அசுரரை மயக்கிய அந்த வடிவத்தை நானும் பார்க்க வேண்டும்" என்று கேட்கிறார். திருமால் சிரித்துவிட்டு மறைந்துபோகிறார். ஒரு சோலை. அங்கே ஒரு பெண் பந்தாடிக்கொண்டிருக்கிறாள். பந்து கை நழுவித் தூரமாக ஓடுகிறது. அதன் பின்னால் அவள் ஓடும்போது காற்று வந்து மெல்லிய சேலையை அள்ளிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். பக்கத்தில் உமை நிற்பதையும் மறந்து சிவன் அவளைத் துரத்துகிறார்.

அவள் யார் என்று அசுரர்களுக்குத் தெரியாது. சிவனுக்கு நன்றாகவே தெரியும். கேட்டு வாங்கிப் பார்க்க வந்தவர் அவர். உள்ளே இருப்பது திருமால்தான் என்று தெரிந்தும் ஆசை வந்துவிடுகிறது. தெரிந்துகொண்டால் மயக்கம் போய்விடும் என்று நாம் நம்புகிறோமே, அதைத்தான் இந்தக் கதை சோதித்துப் பார்க்கிறது. மயக்கம் தெளிந்த பிறகு சிவன் வெட்கப்பட்டுக் குறுகுவதில்லை. உமையிடம், "பார்த்தாயா அவனுடைய மாயையை" என்று வியந்து பேசுகிறார். இங்கே விலை, பார்த்தவருடைய நிதானம்.

பாகவதத்தில் இந்த சந்திப்பால் குழந்தை பிறப்பதில்லை. சிவனின் வீரியம் விழுந்த இடமெல்லாம் பொன்னும் வெள்ளியும் விளைந்தன என்று முடிகிறது. ஹரிஹரபுத்திரன் கதையைப் பாகவதத்தில் தேடினால் கிடைக்காது. அதற்குக் கச்சியப்பரின் கந்தபுராணத்துக்கு வரவேண்டும். அசுர காண்டத்தில் மகா சாத்தாப் படலம் என்று ஒரு பகுதி. அதில் சிவன் மோகினியை விரும்பி அணுகும்போது திருமால் மறுக்கிறார். நாம் இருவரும் ஆண்கள், இந்தச் சேர்க்கை பலன் தராது என்பது அவர் வாதம். கதை கேட்கிறவர் மனதில் எழக்கூடிய கேள்வியைப் புலவர் ஒளிக்கவில்லை, கதைக்குள்ளேயே எழுப்பிவிடுகிறார். சிவன் பதில் சொல்கிறார்: நீயும் என் சக்திகளில் ஒருவன்தானே. அதன் பிறகு கரிய மேனியும் செந்நிறச் சடையுமாகச் சாத்தன் என்ற குழந்தை பிறக்கிறது. நிறம் அப்பா பாதி, அம்மா பாதி.

இது கந்தபுராணம் புதிதாகக் கண்டுபிடித்த எண்ணம் என்று நினைக்க வேண்டாம். 7ஆம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் "சாத்தனை மகனா வைத்தார்" என்று பாடிவிட்டார். திருவையாற்றில் இன்னும் ஒரு படி மேலே போய், "அரியலால் தேவி இல்லை ஐயன் ஐயாறனார்க்கே" என்கிறார். அரியைத் தவிர வேறு தேவி கிடையாதாம் அந்த ஐயாறப்பருக்கு. இந்தப் பாட்டில் மோகினி வேஷமே தேவைப்படவில்லை. திருமால் மாறவே வேண்டாம், இருக்கிறபடியே அவர் தேவி. பாகவதத்தில் உடுப்பாக இருந்தது இங்கே இயல்பாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் பெண் என்று கேட்டால், எப்போதும் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, இனி அரவானிடம் வருவோம். நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

வடமொழி பாரதத்தில் அவன் பெயர் இராவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். களப்பலி, கல்யாணம் எதுவும் அங்கே கிடையாது. தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. பின்னால் வில்லிபுத்தூரார் பாடும்போது, பலியான பிறகும் சில நாள் போரைப் பார்க்க வேண்டும் என்று அரவான் வரம் கேட்கிறான். அவரும் திருமணத்தைப் பற்றிப் பேசவில்லை. அரவான் கல்யாணம் வில்லிபாரதத்தில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது கூத்திலும் கோயிலிலும் ஊர் மக்கள் வாயிலும் வளர்ந்த கதை.

அந்தக் கதை இப்படிப் போகிறது. பாண்டவர் ஜெயிக்க முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவர் இல்லாமல் போர் நடக்காது. மிஞ்சியவன் அரவான். அவன் சம்மதிக்கிறான். ஆனால் கல்யாணம் ஆகாமல் சாக மாட்டேன், எனக்காக அழ ஒருத்தி வேண்டும் என்கிறான். விடிந்தால் தாலி அறுக்க வேண்டிய இடத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் கிருஷ்ணனே மோகினியாகி, தாலி கட்டிக்கொண்டு, அந்த ஒரு இரவு அவனோடு மனைவியாக வாழ்கிறான்.

கதை இதோடு நின்றிருந்தால் இதையும் ஒரு தந்திரம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் அரவான் பலியாகிறான். காரியம் முடிந்துவிட்டது. அமுதம் பரிமாறிய மறுகணமே அரி உருவம் மாறினாரே, அதுபோல இங்கேயும் கிருஷ்ணன் போயிருக்கலாம். போகவில்லை. பெண்ணாகவே இருந்து, வளையலை உடைத்துக்கொண்டு, தாலியை அறுத்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுகிறான். அரவான் கேட்டது அழ ஒருத்தி. வடிவம் மட்டும் பெண்ணாக இருந்தால் அந்த வாக்கு நிறைவேறாது, துக்கமும் வர வேண்டும். முதல் தடவையாக மோகினி வடிவத்துக்கான விலையை எடுத்தவனே கொடுக்கிறான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஒவ்வொரு சித்திரையிலும் இது நடக்கிறது. கூத்தாண்டவர் என்பது அரவான்தான். பதினெட்டு நாள் திருவிழா, பாரதப் போரின் கணக்கு. பல ஊர்களிலிருந்து திருநங்கைகள் மணப்பெண் கோலத்தில் வருகிறார்கள். பூசாரி கையால் மஞ்சள் கயிறு ஏறுகிறது. வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர்க்கார ஆண்களும் உண்டு, அதைப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. மனைவியும் பிள்ளையும் இருக்கிற ஒரு விவசாயி அன்று இரவு அரவானின் மனைவி. வேட்டி கட்டியபடியே.

வருஷத்தின் மற்ற நாட்களில் திருநங்கைகளை வீட்டுக்குள் விடாதவர்களும் அந்தப் பதினெட்டு நாள் கோயில் வாசலில் வழிவிட்டு நிற்கிறார்கள். வீட்டுக் கதவு வரைக்கும் அந்தக் கதையால் வர முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மறுநாள் காலை தேர் கிளம்புகிறது. அரவானின் பெரிய மரத்தலை, மீசையும் அகன்ற கண்ணுமாக, மாலைகளோடு ஊர் சுற்றி அழிகளத்துக்குப் போகிறது. அங்கே பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தி கையை நீட்டுகிறாள். கண்ணாடி வளையல்கள் உடைகின்றன. கத்தி கழுத்துக்கு வருகிறது, நேற்று இரவு ஏறிய கயிறு அறுந்து விழுகிறது. அப்புறம் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஊர் திரும்பப் பேருந்துக்கு நடக்கிறார்கள். பலர் அந்த வெள்ளையைப் பல நாள் மாற்றுவதில்லை.

வணக்கம்.