தம்பிக்கு ஓர் அக்கா எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: "ஐயா, நான் அம்பாசமுத்திரம். என் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான். அம்மாவின் நகையை அடகு வைத்து 5 லட்சம் வாங்கி, அத்தனையையும் பங்குகளில் போடப் போகிறானாம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. கடிதமாக எழுதலாம் என்று இருக்கிறேன். என்ன எழுதட்டும்?"

வந்த கேள்விகளில் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. சகோதரி, கடிதம் எழுதலாம் என்று தோன்றியதே, அது மிக நல்ல யோசனை. போனில் நீங்கள் ஒன்று சொல்வதற்குள் அவர் ஒன்று சொல்லிவிடுவார். கடிதத்தை நடுவில் மறித்துப் பேச முடியாது. கோபத்தில் மடித்து வைத்தாலும் இரவில் எடுத்து மறுபடி படிப்பார்.

முதலில், எதை எழுதக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். "பங்குச் சந்தை சூதாட்டம்" என்று எழுதாதீர்கள். அது உண்மையும் இல்லை, அதைப் படித்ததுமே "அக்காவுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுவார். "பக்கத்து வீட்டுக்காரர் பணத்தை இழந்தார்" என்றும் எழுதாதீர்கள். அவரிடம் லாபம் பார்த்த பத்துப் பேரின் கதை இருக்கும். பங்கு வாங்குவதை நீங்கள் எதிர்க்கவில்லை, கடன் வாங்கி வாங்குவதைத்தான் எதிர்க்கிறீர்கள். இது முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். கடனுக்குத் தேதி உண்டு, பங்குக்குத் தேதி கிடையாது. நம் பக்கத்தில் பிசான சாகுபடிக்கு நகையை வைத்துப் பணம் வாங்காத வீடு குறைவு. அது தவறே இல்லை. நாற்று நட்டால் தை, மாசியில் அறுவடை என்று தெரியும். நெல்லை விற்று நகையை மீட்டுவிடலாம். மழை பொய்த்தால் கஷ்டம்தான், ஆனாலும் அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கிறது. பங்குக்கு அப்படி ஒரு தை மாதம் இல்லை. நல்ல நிறுவனத்தின் பங்குகூட நான்கு ஆண்டுகள் அசையாமல் கிடந்துவிட்டு ஐந்தாம் ஆண்டில் ஏறலாம்.

கணக்கைக் கடிதத்திலேயே போட்டுக் காட்டுங்கள். நகைக்கடன் 5 லட்சம், ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதம் கழித்துக் கட்ட வேண்டியது 5,50,000. அதற்காக ஓராண்டுக்குள் பங்கை விற்றால், லாபத்தில் 20 சதவீதம் குறுகிய கால மூலதன ஆதாய வரி. ஆக, வட்டிக்கான 50,000 கையில் மிஞ்ச வேண்டுமானால் 62,500 லாபம் வர வேண்டும். பங்கு பன்னிரண்டரை சதவீதம் ஏறினால்தான் தம்பிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஓராண்டு முழுக்க நகையைப் பணயம் வைத்துவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே நிற்பதற்கு இவ்வளவு வேண்டும்.

பங்கு இறங்கினால்? இதை ஊகமாகச் சொல்ல வேண்டாம், நடந்ததையே சொல்லுங்கள். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000 வரை போனது. அப்போதும் ஊரெல்லாம் "இன்னும் ஏறும்" என்றுதான் பேச்சு. அந்த நேரத்தில் ஒருவர் நகையை வைத்து 5 லட்சத்துக்குப் பங்கு வாங்கினார், அவருடைய பங்குகளும் சந்தையோடு சேர்ந்தே நகர்ந்தன என்று கொள்ளுங்கள். அடகுத் தவணை 2009 ஜனவரியில் முடிகிறது. அப்போது சென்செக்ஸ் 10,000-க்கும் கீழே. அவருடைய 5 லட்சம் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. கட்ட வேண்டியதோ ஐந்தரை லட்சம். எல்லாவற்றையும் விற்றாலும் மூன்று லட்சம் துண்டு விழும். அதைப் புரட்ட முடியாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

அதே நாளில், அதே பங்குகளைச் சொந்தச் சேமிப்பில் வாங்கிய இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் அதே இறக்கம்தான், அதே வயிற்றெரிச்சல்தான். ஆனால் 2009 ஜனவரியில் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. 2010 தீபாவளி நேரத்தில் சென்செக்ஸ் மீண்டும் 21,000-ஐத் தொட்டபோது அவருடைய பணம் அவரிடமே இருந்தது. வாங்கிய பங்கில் வித்தியாசம் இல்லை, விலையில் இல்லை, புத்திசாலித்தனத்திலும் இல்லை. ஒருவருக்குத் தேதி இருந்தது, மற்றவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

தம்பி இதற்கும் பதில் வைத்திருப்பார். "வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி அடகு வைத்துக்கொள்வேன்" என்பார். வங்கி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். அடகுச் சீட்டைப் புதுப்பிக்க வருபவர் வட்டிப் பணத்தை எண்ணி வைப்பார், பிறகு கேட்காமலேயே "அடுத்த வருஷம் கண்டிப்பாக மீட்டுவிடுவேன்" என்பார். சரி, அப்படியே செய்தார் என்று கணக்குப் பார்ப்போம். 2008 ஜனவரியிலிருந்து 2010 தீபாவளி வரை கட்டிய வட்டி மட்டும் ஏறத்தாழ 1,40,000. சந்தை முழுமையாக மீண்ட பிறகும் அவருக்கு அந்த அளவு நட்டம். இடையில் தங்கம் வெகுவாக ஏறியிருந்தது. நகையை ஏலத்தில் விட்டவரால் அதே எடையைத் திரும்ப வாங்கியிருக்க முடியாது.

எனவே கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"தம்பி, நீ பங்கு வாங்குவதை நான் தடுக்கவில்லை. நீ தேர்ந்தெடுத்த பங்கு நல்ல பங்காகவே இருக்கட்டும். அடுத்த வருடம் நகையை மீட்க வேண்டிய வாரத்தில் அதன் விலை பாதியாக இருந்தால், உன் சம்பளத்திலிருந்து ஐந்தரை லட்சத்தைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் எப்படி என்று எனக்கு எழுது. முடியாது என்றால் அம்மாவின் வளையலை நீ அடகு வைக்கவில்லை, விற்கிறாய். அதை அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும்."

கடைசி இரண்டு வரி கடுமையாகத் தெரிந்தாலும் எடுத்துவிடாதீர்கள். அக்கா ஒருத்தியால்தான் அதைச் சொல்ல முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, நான் எதிர்பார்த்த கேள்வியே அதுதான்: பிறகு தம்பி எந்தப் பணத்தில் பங்கு வாங்குவது? வேண்டாம் என்று மட்டும் எழுதினால் கடிதம் பாதிதான். இந்தக் கடனை அடுத்த வருடம் சம்பளத்திலிருந்து அடைத்துவிடலாம் என்று அவர் நினைக்கிறார் என்றால், மாதம் 45,000-க்கு மேல் மிச்சம் பிடிக்க முடியும் என்று நம்புகிறார். அவ்வளவு முடியுமானால் கடனே தேவையில்லை. அந்தப் பணத்தை மாதாமாதம், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையெல்லாம் சேர்த்து வாங்கும் ஓர் இண்டெக்ஸ் பண்டில் போட்டு வரலாம். 10,000-தான் முடியுமென்றால் 10,000. சந்தை பாதியாக விழுந்த மாதத்திலும் அதே 10,000 போகும், அந்த மாதம் கூடுதல் யூனிட் கிடைக்கும். அதற்கு முன் ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நகைக்கடன் ஏதாவது நிலுவையில் இருந்தால் அதை முதலில் அடைக்கட்டும். 10 சதவீத வட்டிக் கடனை அடைப்பது, வரி இல்லாமல், இறக்கமும் இல்லாமல் 10 சதவீதம் சம்பாதிப்பதற்குச் சமம்.

கணக்கைத் தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். எண்களுக்குப் பக்கத்தில் இடம் விட்டு எழுதுங்கள்; தம்பி தன் கணக்கை அதிலேயே போட்டுத் திருப்பி அனுப்பட்டும். அனுப்பினால் எனக்கும் தெரிவியுங்கள், அவர் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த காணொளியில் பேசுகிறேன்.