வறுத்த பிறகு ஒருமுறை நிறுங்கள்

வணக்கம் நேயர்களே. தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் சாம்பார் பொடி வறுத்து, பக்கத்துத் தெரு மில்லில் அரைத்து, தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஒரு வீட்டுக்குச் செய்கிற பொடியைப் பத்து வீட்டுக்குச் செய்யும்போது அதே ருசி வருவதில்லை என்று பலர் சொல்வார்கள். ஏன் வருவதில்லை, எப்படி வர வைப்பது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என் அம்மாவின் கணக்கு டம்ளர் கணக்கு. மூன்று டம்ளர் தனியா, ஐந்து டம்ளர் மிளகாய், மற்றதெல்லாம் கைப்பிடி. முதல் முறை பெரிய ஆர்டர் வந்தபோது நான் அதைப் பத்தால் பெருக்கினேன். ஐம்பது டம்ளர் மிளகாயை யார் டம்ளரால் அளந்துகொண்டிருப்பது? பத்து டம்ளர் கொள்ளும் வாளியில் ஐந்து வாளி போட்டேன். பொடி நல்ல சிவப்பாக இருந்தது. ஆனால் சாம்பார் வைத்தவர்கள் எல்லோரும் காரம் தாங்கவில்லை என்றார்கள். குழம்பும் கெட்டியாகவில்லை.

பிறகுதான் நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு டம்ளரில் மிளகாய் 22 கிராம்தான் பிடிக்கிறது. நீள மிளகாய் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும், விளிம்பில் முட்டிக்கொண்டு இடைவெளி விடும். டம்ளரில் பாதிக்கு மேல் காற்றுதான். அதே மிளகாயை வாளியில் கொட்டினால் மேலே உள்ளது கீழே உள்ளதை அழுத்தும், நாமும் கையால் ஒரு அழுத்து அழுத்துவோம். பத்து டம்ளருக்கு 220 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 310 கிராம் ஏறியிருந்தது. ஐந்து வாளிக்கு 450 கிராம் மிளகாய் கூடுதல். தனியா உருண்டை, அது அவ்வளவாக அமுங்காது. அதனால் தனியா சரியாக இருந்தது, மிளகாய் மட்டும் தப்பாகப் போனது.

சரி, எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டால் முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு கிலோ பொடிக்கு தனியா 500 கிராம், காம்பு கிள்ளிய மிளகாய் 250, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 50, மிளகு 30, சீரகம் 30, வெந்தயம் 20, விரலி மஞ்சள் 20. கூட்டினால் சரியாக ஆயிரம். ஐந்து கிலோவுக்கு ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்கினால் போதும். ஆனால் இந்த எடை கடையில் வாங்கும் எடை இல்லை. வறுத்து ஆறிய பிறகு உள்ள எடை. மஞ்சளை மட்டும் நான் வறுப்பதில்லை, வெயிலில் காயவைத்து உலக்கையால் உடைத்துச் சேர்க்கிறேன்.

ஏன் வறுத்த எடை? ஒவ்வொரு சரக்கிலும் ஈரம் வேறு வேறு அளவில் இருக்கிறது. வறுக்கும்போது அந்த ஈரம் போகிறது. மிளகாயில் காம்பும் போகிறது. நான் 200 கிராம் தனியாவை வறுத்தால் 188 கிராம் நிற்கிறது, அதாவது நூற்றுக்கு 94. காம்போடு வாங்கிய மிளகாய் 200 கிராம், கிள்ளி, காயவைத்து, வறுத்த பிறகு 172 கிராம். நூற்றுக்கு 86. இப்போது பச்சை எடையிலேயே 2,500 கிராம் தனியாவும் 1,250 கிராம் மிளகாயும் போட்டால் என்ன ஆகும்? வறுத்த பிறகு தனியா 2,350, மிளகாய் 1,075. நூறு கிராம் தனியாவுக்கு ஐம்பது கிராம் மிளகாய் இருக்க வேண்டும், ஆனால் 46க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

அதனால் நான் தலைகீழாகப் போகிறேன். வேண்டிய எடையை அந்த நூற்று வீதத்தால் வகுக்கிறேன். 2,500ஐ 0.94ஆல் வகுத்தால் 2,660 கிராம் தனியா வாங்க வேண்டும். 1,250ஐ 0.86ஆல் வகுத்தால் 1,453 கிராம் மிளகாய், அதை ஒன்றரைக் கிலோவாக வாங்கிவிடுவேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கூடவே வாங்கி, தனித்தனியாக வறுத்து, ஆறியதும் கணக்குப்படி நிறுத்து எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் சமையலுக்கு.

இந்த வீதம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. கொத்தவால்சாவடியில்தான் நான் மொத்தமாக வாங்குகிறேன். 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகும் அங்கே மளிகைக்காரர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே கடையில் வாங்கும் மிளகாயைக் கையில் எடுத்தால் உடையாது, தோல் மாதிரி வளையும். அப்படிப்பட்ட மிளகாய் 86 தராது, 80தான் நிற்கும். அப்போது அதே 1,250 கிராமுக்கு 1,563 கிராம் வாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஈடு வறுத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது நல்லது.

வறுப்பதில் இன்னொன்று. அளவு ஐந்து மடங்கு ஆனால் கடாயும் அடுப்பும் ஐந்து மடங்கு ஆகிவிடாது. இரண்டரைக் கிலோ தனியாவை ஒரே தடவையில் கொட்டினால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வெந்த மாதிரி வேர்த்துக்கொண்டிருக்கும். நான் 450 கிராம் ஈடாக ஆறு ஈடு வறுக்கிறேன். மணம் வந்து, ஒன்றைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். அதற்கு மேல் தராசையும் கேட்பேன். 450 கிராம் 420, 425க்கு வந்திருந்தால் சரி. 440 காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, மில்லில் பிசுபிசுத்து ஒட்டும், பொடியும் சீக்கிரம் கட்டி தட்டும். 405க்கு இறங்கியிருந்தால் கருகிவிட்டது. அந்த ஈட்டை நான் சேர்ப்பதில்லை.

நிறுக்கும் நேரமும் முக்கியம். சூடாக நிறுத்தால் ஆவி இன்னும் போய்க்கொண்டே இருக்கும், எடை தப்பும். சூட்டோடு டப்பாவில் மூடினால் மூடியில் வேர்த்து ஈரம் திரும்ப இறங்கும். தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறி அடியில் ஆறவிட்டு, ஆறியதும் நிறுத்து உடனே மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காசிமேட்டுக் கடல்காற்று போதும், காலையில் மிளகாய் மறுபடி வளையத் தொடங்கும்.

அப்புறம் வெந்தயம். இதில்தான் தராசு நம்மை ஏமாற்றும். கடைத் தராசு பலவற்றில் 5 கிராம் படியாகத்தான் எண் மாறும். 2,500 கிராம் தனியாவில் அது ஒன்றுமில்லை. ஒரு கிலோ பொடிக்கான 20 கிராம் வெந்தயத்தில் இரண்டு கிராம் இப்படி அப்படி ஆனால் கசப்பு தெரியும். கால் கிலோ பொடிக்கு வெந்தயம் 5 கிராம்தான், அந்தத் தராசில் அதை நிறுக்கவே முடியாது. ஒரு கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெந்தயம், மிளகு, சீரகம், மஞ்சள் நான்கையும் அதில் நிறுங்கள்.

மில்லுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் கொட்டிக் கலந்துவிடுவேன். ஒருமுறை கலக்காமல் அடுக்கடுக்காகக் கொண்டுபோனபோது, மில் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மேல பருப்பு மட்டும் இருக்கே, முதல்ல வர்ற பொடியெல்லாம் பருப்புப் பொடியாத்தான் இருக்கும்" என்றார். அது உண்மைதான். அரைத்து வந்த பிறகும் துணியில் பரப்பி ஆறவிட்டு, இன்னொரு முறை கையால் கலக்கிறேன்.

ஒன்றை மட்டும் எடை காப்பாற்றாது. மிளகாய் ரகம் மாறினால் காரம் மாறும். குண்டு மிளகாயிலிருந்து நீட்டு மிளகாய்க்கு மாறினால் 250 கிராம் அதே 250தான், காரம் அதே காரம் இல்லை. ரகம் மாறும்போது முதலில் நூறு கிராம் பொடி வரும்படி கலந்து, மிக்ஸியில் அரைத்து, அதில் ஒரு சாம்பார் வைத்து ருசி பார்த்துவிட்டுத்தான் ஐந்து கிலோவுக்குப் போகிறேன். அன்று போட்ட மிளகாயின் எடையை, ரகத்தின் பெயரோடு, அடுப்படி நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.