கருத்த தோலுக்கு சன்ஸ்கிரீன்: பெட்டியைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க

கேள்வி: அக்கா, நான் ஜார்ஜ்டவுன்ல வேலை செய்யறேன். தினமும் மோட்டார்லதான் போய் வர்றேன். நல்ல கருப்பு நிறம். மூணு சன்ஸ்கிரீன் மாத்திட்டேன், மூணுமே திருநீறு பூசின மாதிரி முகத்துல நிக்குது. வெள்ளை தெரியாம, கன்னத்துல இருக்கற கருப்புத் திட்டும் சீராகற மாதிரி எதை வாங்கறது?

தங்கச்சி, முதல்ல ஒண்ணு கேட்கறேன். அந்த மூணு பெட்டியில எதுலயாவது 'டோன் அப்'னு போட்டிருந்ததா? போட்டிருந்தா, அந்த வெள்ளை தவறிப்போய் வந்தது இல்ல. வேணும்னே போட்டது. முகத்தை உடனே ஒரு படி வெளுப்பாக் காட்டறதுக்காக டைட்டானியம் டையாக்சைடுனு ஒரு வெள்ளைப் பொடியை அதுல கூடுதலாச் சேர்ப்பாங்க. வீட்டுச் சுவருக்கு அடிக்கற வெள்ளைப் பெயின்ட்ல இருக்கறதும் அதே பொடிதான். மாநிறத்துக்கும் வெளுத்த தோலுக்கும் அது பளிச்சுனு இருக்கும். நம்ம நிறத்து மேல விழுந்தா சாம்பல்தான். நம்ம ஊரு ஃபார்மசி அலமாரியில கண் மட்டத்துல அடுக்கி வச்சிருக்கறதுல பாதி இந்த வகை. இளஞ்சிவப்பாவோ ஊதாவாவோ வர்ற கிரீம்னா இன்னும் ஜாக்கிரதையா இருங்க.

அதனால முன்பக்கத்தை விட்டுட்டு, பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கற பொருள் பட்டியலைப் படிங்க. ரெண்டே ரெண்டு பேரைத் தேடினாப் போதும். ஒண்ணு டைட்டானியம் டையாக்சைடு, இன்னொண்ணு ஜிங்க் ஆக்சைடு. பட்டியலோட மேல்பாதியில இதுல எது இருந்தாலும் நம்ம முகத்துல வெள்ளை நிக்கும். 'நானோ'னு பக்கத்துல போட்டிருந்தா கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது. இந்த ரெண்டுமே இல்லாம வெயிலைத் தடுக்கற சன்ஸ்கிரீனும் நிறைய இருக்கு. அதுல வடிகட்டிகள் கிரீம்ல கரைஞ்சு இருக்கும், தோல்ல கண்ணுக்கே தெரியாது. ஜெல், எசன்ஸ்னு பேர் வச்சு வர்றது பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு விதிவிலக்கு: 'மெத்திலீன் பிஸ்'னு தொடங்கற நீளமான பேர் ஒண்ணு வரும். அது கரையாம துகளாவே நிக்கற வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை காட்டும்.

இன்னொரு சிக்கல் பட்டியலோட கடைசியில ஒளிஞ்சிருக்கும். அங்க சி.ஐ.னு போட்டு அஞ்சு இலக்க எண்கள் வரும், அதெல்லாம் நிறமி. சி.ஐ. 77891ன்னா அது அதே டைட்டானியம்தான், வேற வேஷத்துல. நிறமிகளை எந்த வரிசையிலயும் கடைசியாப் போடலாம்னு லேபிள் விதி அனுமதிக்குது. அதனால 'கடைசியிலதானே இருக்கு, கொஞ்சமாத்தான் இருக்கும்'னு நினைச்சுடக் கூடாது.

இது வரைக்கும் சொன்னது வெள்ளை பத்தி. உங்க கேள்வியோட ரெண்டாவது பாதி, அந்தத் திட்டு. அதுக்கு வெள்ளை தெரியாத ஜெல் மட்டும் போதாது. இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல.

நாம வெயில்னா புற ஊதாக் கதிரை மட்டும்தான் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியற சாதாரண வெளிச்சமே கருத்த தோலை மேலும் கருப்பாக்கும். 2010ல அமெரிக்காவுல வெளியான ஓர் ஆய்வுல வெளுத்த தோலுக்கும் கருத்த தோலுக்கும் அந்த வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தாங்க. வெளுத்த தோல் கருக்கல. கருத்த தோல் கருத்துச்சு, அந்தக் கருப்பு நாள்கணக்கா நின்னுச்சு. கரைஞ்சு போற அந்த ஜெல் வடிகட்டிகள் இந்த வெளிச்சத்தை அப்படியே உள்ள விட்டுடும். கண்ணுக்கே தெரியாத ஒண்ணு கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை எப்படித் தடுக்கும்? நீங்க மோட்டார்ல போறீங்க. ஹெல்மெட்டோட முன்கண்ணாடி புற ஊதாவை ஓரளவு தடுத்தாலும் வெளிச்சம் உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும்.

அந்த வெளிச்சத்தைத் தடுக்கறது இரும்பு ஆக்சைடு, அதாவது மண்நிறப் பொடி. சிவப்பு, மஞ்சள், கருப்புனு மூணு உண்டு: சி.ஐ. 77491, 77492, 77499. நிறம் கலந்த சன்ஸ்கிரீன்ல இருக்கறது இதுதான். அப்போ அதையே வாங்கிடலாமேன்னு தோணும். வாங்கலாம், உங்க நிறத்துக்குக் கிடைச்சா. இங்க விக்கறதுல பெரும்பாலும் ஒரே ஒரு நிறம்தான் வரும். மாநிறத்துக்கு அளந்து செஞ்சது அது, நம்ம முகத்துல ஆரஞ்சாவோ சாம்பலாவோ நிக்கும். அதனால நான் எல்லாருக்கும் சொல்றது ரெண்டு அடுக்கு. கீழ வெள்ளை தெரியாத ஜெல், மேல உங்க நிறத்துக்குச் சரியா ஒத்துப்போற காம்பேக்ட் பவுடர், இல்லன்னா ஃபவுண்டேஷன். நம்ம நிறத்து காம்பேக்ட்ல அந்த மண்நிறப் பொடி எப்படியும் இருக்கும், அது இல்லாம அந்த நிறமே வராது. காம்பேக்ட்ல எஸ்.பி.எஃப். போட்டிருக்கான்னு தேட வேண்டாம். அதுக்குத்தான் கீழ ஜெல் இருக்கே.

எங்க ஃபார்மசிக்கு வர்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கதையைச் சொல்றேன். பிறையில இருந்து தினமும் கார்ல போய் வர்றவங்க. காலையில சபைக்கூடல்ல வெயில்ல நிக்கணும், சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பூப்பந்துப் பயிற்சி. சொந்தக்காரங்க கல்யாணத்துல எடுத்த போட்டோவைக் கொண்டு வந்து காட்டினாங்க. ஃபிளாஷ் வெளிச்சத்துல முகம் மட்டும் சாம்பல், கழுத்து வேற நிறம். பெட்டியைத் திருப்பினா மூணாவது பேரே டைட்டானியம். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வரச் சொல்லி ஜன்னல் பக்கம் நிக்க வச்சுப் பார்த்தேன். வலது கன்னத்துல மங்கு, இடது கன்னத்தை விட நல்லாவே கருப்பா இருந்துச்சு. நம்ம ஊர்ல வண்டி ஓட்டறவங்க வலது பக்கம் உட்கார்றாங்க. முன் கண்ணாடி ரெண்டு அடுக்கு, நீளமான புற ஊதா அலையைத் தடுத்துடும். பக்கத்துக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. வருஷக்கணக்கா அந்தக் கன்னம் வெயில் வாங்கியிருக்கு.

அவங்களுக்கு பி.ஏ. பக்கத்துல நாலு பிளஸ் போட்ட ஒரு ஜெல் எடுத்துக் கொடுத்தேன். அந்த நீளமான அலையைத் தடுக்கற அளவைக் காட்டற குறி அது. கருப்புத் திட்டுக்காரங்க எஸ்.பி.எஃப். எண்ணோட சேர்த்து இதையும் பார்க்கணும். ஆனா உடனே வாங்கிப் பூச விடல. கடையில டெஸ்டரைப் புறங்கையில மிளகு அளவு தேய்ச்சுப் பார்த்தா எல்லா கிரீமும் நல்லாத்தான் தெரியும். முழு அளவு பூசினாத்தான் வெள்ளை வெளிய வரும். அதனால, ஆள்காட்டி விரல்லயும் நடுவிரல்லயும் அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். அது முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. அதுல பாதியை ஒரு பக்கம் மட்டும் பூசிட்டு, கால் மணி நேரம் கழிச்சு கடைக்கு வெளிய வெயில் வெளிச்சத்துல நின்னு பார்க்கணும். கடையோட டியூப் லைட்ல பார்த்து முடிவு பண்ணக் கூடாது. பிறகு ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ. அவங்களுக்குப் பூசின பக்கம் வெள்ளையே தெரியல, வாங்கிட்டாங்க.

முதல் வாரமே ஒரு புகாரோட வந்தாங்க. காம்பேக்ட் போட்டா அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வருதுன்னு. ஜெல் காயறதுக்கு முன்னாடி மேல தேய்ச்சிருக்காங்க. ஜெல் பூசிட்டுப் பசியாறுங்க, அது காயட்டும், அப்புறம் பஞ்சால ஒத்தி ஒத்தி வைங்க, இழுத்துத் தேய்க்காதீங்கன்னு சொன்னேன், சரியாப் போச்சு. இன்னொரு குறை வேர்வை. வேர்த்து வழிஞ்சா ஜெல் கண்ணுக்குள்ள இறங்கி எரியும். நம்ம ஊரு வெக்கையில இது நிச்சயம் நடக்கும். கண்ணைச் சுத்தி மட்டும் ஸ்டிக் வகையைப் பூசினா அவ்வளவு சீக்கிரம் வழியாது. வெளியிலயே நிக்கறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வேர்வையை ஒத்தி எடுத்துட்டு, திரும்பப் பூசணும்.

மூணு மாசம் கழிச்சு அவங்க பருவோட பழைய கருப்பு நல்லா மங்கியிருந்துச்சு. புதுத் திட்டு எதுவும் வரல. மங்கு கொஞ்சம் வெளுத்துச்சு, போகல. அதுக்குத் தோல் டாக்டர்கிட்ட அனுப்பினேன். மங்கு கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாத்தோடயும் சம்பந்தப்பட்டது, வெயிலைத் தடுத்தா மட்டும் போயிடாது. சன்ஸ்கிரீன் இருக்கற கருப்பை எடுக்காது, மேலும் கருக்காமத் தடுக்கும். அப்படித் தடுத்தாத்தான் தோல் தானா மங்கவும் முடியும், டாக்டர் தர்ற மருந்தும் வேலை செய்யும்.

இந்த இடத்துல அவசரப்பட்டு பாசார் மாலாம்ல வெளுப்பாக்கற கிரீம் வாங்கிடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் நம்ம நாட்டுல திரும்பத் திரும்பப் பிடிபடுது. முதல் மாசம் பளபளன்னு ஆகி, பிறகு முன்னைவிடக் கருத்துப் போன முகங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன். சந்தேகமா இருந்தா npra.gov.my பக்கத்துல அந்தப் பொருளோட பேரைத் தேடிப் பாருங்க.

அதே மாதிரி, உங்க கருப்பு கழுத்துப் பின்பக்கத்துலயும் இருந்து, தொட்டா வெல்வெட் துணி மாதிரி தடிப்பா இருந்தா, அது வெயிலோட வேலை இல்ல. பெரும்பாலும் இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதோட அடையாளம். கிளினிக்குல போய்ச் சர்க்கரை பாருங்க, அதுக்கு எந்த கிரீமும் வாங்காதீங்க.

அளவைச் சரியாப் பூசறீங்களான்னு டியூப்பே காட்டிக் கொடுத்துடும். தினம் ஒரு தடவை, ரெண்டு விரல் அளவு பூசினா 50 மில்லி டியூப் ஒன்றரை மாசத்துக்குள்ள தீர்ந்துடும். தீபாவளிக்கு வாங்கின டியூப்ல தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறும்போதும் பாதி மிச்சம் இருந்தா, நீங்க பூசறது பத்தல.