காசு அக்கவுண்ட்ல கழிஞ்சிருச்சு, ஸ்கூல்ல பதியல, ஒபிஸுக்கு என்னான்னு எழுதுறது?

(திரையில: போன்ல வந்த எஸ்எம்எஸ், "38,500 ரூபா கழிக்கப்பட்டது")

வணக்கம். புள்ளையோட தவணை காசை ஒன்லைன்ல கட்டிட்டீங்க, பேங்க்ல கழிஞ்சும் போச்சு, ஆனா ஒரு கிழமை கழிச்சு ஸ்கூல்ல இருந்து "இன்னும் கட்டல"ன்னு புள்ளைகிட்ட துண்டு குடுத்து விடுறாங்க. இந்த வீடியோல அந்த ஒரு விஷயம் மட்டும்தான், ஒபிஸுக்கு அனுப்புற ஈமெயில எப்படி எழுதுனா அவங்களால காசை கண்டுபிடிக்க முடியும்னு. நான் மலையகத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு பாக்குற ஆள், இந்த மாதிரி ஈமெயில் எல்லாம் என் மேசைக்குதான் வரும்.

மொதல்ல ஒபிஸ்ல என்னா நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. நீங்க காசு போட்டதும் புள்ளை பேருக்கு நேரா தானா டிக் விழுந்துரும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, பல ஸ்கூல்ல அப்படி இல்ல. கிளார்க் பேங்க் ஸ்டேட்மெண்ட எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரவா பாத்து இது எந்த புள்ளையோட காசுன்னு கண்டுபிடிச்சுதான் பதியுறாரு. தவணை தொடங்குற நேரத்துல ஒரே தொகையில வரிசையா வரவு இருக்கும், ஏன்னா ஒரே தரத்துல இருக்கற எல்லா புள்ளைக்கும் கட்டணம் ஒன்னுதானே. அதுல உங்க வரி எதுன்னு காட்டி குடுக்கறதுதான் உங்க ஈமெயிலோட வேலை. "நான் கட்டிட்டேன், பாருங்க"ன்னு எழுதி ஒரு ஸ்க்ரீன்ஷொட் மட்டும் அனுப்புனா அந்த வேலை நடக்காது.

ஒரு உதாரணத்தோட பாப்போம். ஹட்டன்ல ஒரு அம்மா, மகள் தரம் 8, சேர்விலக்கம் 2147, இரண்டாம் தவணை கட்டணம் 38,500 ரூபா. காசை கட்டுனது கொழும்புல வேலை செய்யற அவங்க தம்பி, அதாவது புள்ளையோட மாமா, அவரோட பேங்க் அப்ல இருந்து. 2025 மே 9, வெள்ளிக்கிழமை ராத்திரி 9.40க்கு. ரிமார்க்ஸ்னு இருக்கற எடத்துல School fees னு மட்டும் போட்டுருக்காரு.

இதுல ரெண்டு எடத்துல சிக்குது. ஒன்னு பேரு. ஸ்டேட்மெண்ட்ல வர்றது காசு அனுப்புன அக்கவுண்ட்காரரோட பேரு, மாமாவோட பேரு. ஒபிஸ் பதிவுல அப்பா அம்மா பேருதான் இருக்கு, மாமாவ அவங்களுக்கு தெரியாது. நம்ம பக்கம் இது ரொம்ப சாதாரணம், கொழும்புல இருக்கற அண்ணன் கட்டுவாரு, வெளிநாட்டுல இருக்கற சின்னம்மா கட்டுவாங்க, அதனால யார் அக்கவுண்ட்ல இருந்து போச்சுங்கறத ஈமெயில்ல எழுதாம விடாதீங்க, வெக்கப்பட இதுல ஒன்னுமே இல்ல.

இன்னொன்னு திகதி. வேற பேங்குக்கு உடனே போற டிரான்ஸ்பர் லங்காபேயோட CEFTS வழியா போகுது, அது ராத்திரி, லீவு நாள்னு பாக்காம ஓடும். ஆனா சில பேங்க்ல ராத்திரி வர்ற வரவ அடுத்த வேலை நாள் திகதியில போடுவாங்க. உடனே போகாம, பேங்க் வேலை நாள்ல மட்டும் தொகுதியா போற SLIPS முறையில அனுப்பியிருந்தா பேங்க் லீவுல நகராது. இப்ப இந்த உதாரணத்த பாருங்க, மே 9 வெள்ளி ராத்திரி, பொறகு சனி ஞாயிறு, 12 திங்கள் வெசாக் போயா, 13ம் லீவு, ஆக ஸ்கூல் ஸ்டேட்மெண்ட்ல மே 14 புதன்னு விழ வாய்ப்பிருக்கு. கிளார்க் 9ம் திகதிய மட்டும் தேடி பாத்துட்டு இல்லைன்னு சொல்லிருவாரு. அவர் மேல தப்பில்ல, அவருக்கு குடுத்த திகதி அது.

எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. காசு கழிஞ்ச அக்கவுண்ட்டோட ஸ்டேட்மெண்ட இன்னைக்கு வரைக்கும் எடுத்து பாருங்க, அதே தொகை திரும்ப வரவு வந்திருக்கான்னு. சில நேரம் டிரான்ஸ்பர் பாதியில நின்னு காசு திரும்பி வந்திருக்கும், கழிஞ்ச எஸ்எம்எஸ் மட்டும் நம்ம கண்ணுல பட்டிருக்கும். திரும்பி வரலன்னா அந்த ஸ்டேட்மெண்டே நல்ல ஆதாரம். காசு யாருக்கு போகணும்னு டிரான்ஸ்பர்ல போட்ட அக்கவுண்ட் நம்பரையும் ஸ்கூல் குடுத்த நம்பரோட ஒவ்வொரு இலக்கமா ஒப்பிட்டு பாத்துருங்க.

இப்ப ஈமெயில்.

(திரையில: ஈமெயில் பக்கம்)

பொருள்: இரண்டாம் தவணைக் கட்டணம் பதியப்படவில்லை, சேர்விலக்கம் 2147, தரம் 8

கணக்குப் பிரிவு பொறுப்பாளர் அவர்களுக்கு,

தரம் 8ல் படிக்கும் என் மகளின் இரண்டாம் தவணைக் கட்டணம் 38,500 ரூபா, 2025.05.09 வெள்ளி இரவு 9.40க்கு, 3306 என்று முடியும் பாடசாலைக் கணக்குக்கு ஒன்லைனில் அனுப்பப்பட்டது. அனுப்பியது என் தம்பியின் கணக்கிலிருந்து, எனவே உங்கள் ஸ்டேட்மெண்டில் அவரது பெயரே இருக்கும். ரிமார்க்ஸில் School fees என்று மட்டும் உள்ளது. ரெபரன்ஸ் இலக்கம் 483920.

இடையில் வெசாக் விடுமுறை வந்ததால் மே 14 வரையான வரவுகளையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பணம் திரும்பி வரவில்லை என்பதைக் காட்டும் ஸ்டேட்மெண்ட் பகுதியையும் வங்கி பற்றுச்சீட்டையும் இணைத்துள்ளேன்.

வரவு இருந்தால் 2147க்குப் பதிந்து பற்றுச்சீட்டு இலக்கத்தை அனுப்பவும். இல்லையென்றால் அதையும் எழுத்தில் அறியத்தரவும்.

கீழ உங்க பேரும் போன் நம்பரும். அம்புட்டுதான், இதுக்கு மேல நீளமா வேணாம்.

கடைசி வரிய கவனிச்சீங்களா, "இல்லைன்னா எழுத்துல சொல்லுங்க"ங்கறது. காசு வரலைன்னு ஸ்கூல் எழுதி குடுத்தா அத கையில வச்சுக்கிட்டுதான் நீங்க பேங்க்ல முறைப்பாடு போடலாம், வாய் பேச்சுல "ஸ்கூல்ல வரலையாம்"னு சொன்னா பேங்க்ல அலைய விடுவாங்க.

இணைக்கிற ஆதாரத்துக்கு, அப்ல டவுன்லோட் பண்ற பிடிஎப் பற்றுச்சீட்டு இருந்தா அததான் போடுங்க, அதுல ரெபரன்ஸ் நம்பர் முழுசா இருக்கும். எஸ்எம்எஸ்ல காசு கழிஞ்சது மட்டும்தான் தெரியும், எங்க போச்சுன்னு பெரும்பாலும் தெரியாது. ஸ்க்ரீன்ஷொட்தான் இருக்குன்னா Pending னு இருக்கறத அனுப்பாதீங்க, Successful னு வந்த பொறகு எடுங்க. ஸ்டேட்மெண்ட்ல மீதி காசையும் மத்த வரிகளையும் மறைச்சுருங்க, பேரு, திகதி, அந்த 38,500 வரி, அதுக்கு பொறகு திரும்பி வந்த வரவு எதுவும் இல்லைங்கறது தெரிஞ்சா போதும். ஓடிபி, கார்ட் நம்பர் எல்லாம் எந்த ஒபிஸுக்கும் தேவையில்ல, கேட்டாலும் குடுக்காதீங்க.

துண்டு வந்துருச்சேன்னு பயந்து ரெண்டாவது தடவை கட்டிறாதீங்க. பரீட்சை நேரத்துல புள்ளைய நிக்க வச்சுருவாங்களோன்னு பல பேர் அப்படி செய்றாங்க, பொறகு கூட கட்டுனத திரும்ப வாங்குறது இதைவிட பெரிய அலைச்சல். ஈமெயில் அனுப்புன கையோட அதிபருக்கோ வகுப்பு டீச்சருக்கோ ஒரு வார்த்த சொல்லி வைங்க.

பதில் வரலைன்னா ரெண்டு மூனு வேலை நாள் கழிச்சு அதே ஈமெயிலுக்கு ரிப்ளை பண்ணுங்க, புதுசா எழுதுனா பழைய ஆதாரம் வேற எடத்துல கெடக்கும். ஸ்கூல் இல்லைன்னு எழுதுனா அந்த பதிலோட காசு அனுப்புன அக்கவுண்ட்காரர், இங்க மாமா, அவர்தான் தன்னோட பேங்க்ல முறைப்பாடு போடணும், அம்மா போய் கேட்டா அக்கவுண்ட் விபரம் சொல்ல மாட்டாங்க. பேங்கும் இழுத்தடிச்சா மத்திய வங்கியில நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கு, 1935க்கு எடுக்கலாம், ஆனா அங்க போறதுக்கு முன்னாடி பேங்க்ல போட்ட முறைப்பாட்டு நம்பர் கையில இருக்கணும்.