மேடையில் முதல் ஐந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழா முதல் கல்யாணம் வரை மைக் பிடிப்பவன் நான். கல்லூரிப் புதுமுக மாணவர் நாளுக்கும் கூப்பிடுவார்கள். அந்த நாளின் தொடக்க உரையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இப்போது மாணவர்களே அறிவிப்பாளராக நிற்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

நெகாராகூ முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் விளிப்பு வரும். யார் டத்தோ, யார் டத்தோஸ்ரீ என்பதை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலாயிலும் தமிழிலுமாக ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். விளிப்பு நீண்டால் பிள்ளைகளின் கை கைப்பேசிக்குப் போய்விடும். அப்புறம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

அதனால் உதவி எங்கே கிடைக்கும் என்ற பகுதியை விளிப்பு முடிந்த கையோடு சொல்லிவிடுவேன். வழக்கமாக அதைக் கடைசியில், சாப்பாட்டு அறிவிப்போடு சேர்த்துவிடுவார்கள். பசியோடு இருப்பவன் காதில் சாப்பாடு மட்டும்தான் விழும்.

"எந்தப் பிரச்சினை என்றாலும் எங்களை அணுகலாம்" என்பது மேடையில் நன்றாக ஒலிக்கும். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை யாரை அணுகுவது? வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். கேட்டால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருப்பான். அவனுக்கு ஆள், இடம், நேரம், கையில் கொண்டுபோக வேண்டிய தாள் நான்கையும் சொல்லியாக வேண்டும்.

பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனை எடுத்துக்கொள்வோம். அதற்கு விண்ணப்பிக்க முதலில் மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். பிறகு இணைய விண்ணப்பம், ஒப்புதல், ஒப்பந்தக் கையெழுத்து என்று போகும். பணம் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் விடுதிக் கட்டணத்துக்கு முதல் வாரத்திலேயே பில் வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் அப்பா வட்டிக்கு வாங்குகிறார், அம்மா சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறார். கட்ட அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தால் தரும் கல்லூரிகள் உண்டு. பிள்ளைக்கு அது தெரியாது. ஆகவே மேடையில் இப்படிச் சொல்வேன்:

"தம்பி தங்கைகளே, பிடிபிடிஎன் பணம் இன்னும் வரவில்லையா? உங்களைப்போல் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். மாணவர் விவகாரப் பிரிவின் முதல் முகப்பு. அடையாள அட்டை, சேர்க்கைக் கடிதம், கட்டண பில் மூன்றையும் எடுத்துப் போங்கள். 'பணம் வரும்வரை அவகாசம் வேண்டும்' என்று சொன்னால் போதும்."

'உங்களைப்போல் பலர்' என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெட்கம் கொஞ்சம் கரைவது அதில்தான். ஒன்று மட்டும் கவனம்: முகப்பில் ஒன்பது மணிக்கு நிஜமாகவே ஆள் இருப்பாரா என்று முந்தின நாளே விசாரியுங்கள். போய்ப் பார்த்துப் பூட்டிய கதவோடு திரும்பியவன் இரண்டாம் முறை கேட்கமாட்டான்.

மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திச் சோகமாக்க வேண்டாம். விடுதி வார்டன் எந்த அறையில் இருப்பார் என்று சொல்லும் அதே குரலில் ஆலோசகரின் அறையையும் சொல்லுங்கள். கல்லூரிக்கு வெளியே பேச விரும்புகிறவர்களுக்குச் சுகாதார அமைச்சின் 'ஹீல்' தொலைபேசி எண் 15555. "ஒன்று, பிறகு நான்கு முறை ஐந்து" என்று நிறுத்தி இருமுறை படியுங்கள். எழுதிக்கொள்ள நேரம் விடுங்கள். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்துக்கொண்டால் காத்திருங்கள். மழைச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்திய எண்ணை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

சீனியர் மிரட்டினாலோ பணம் பறித்தாலோ யாரிடம் புகார் சொல்வது என்பதையும் சீனியர்கள் எதிரிலேயே சொல்லிவிடுங்கள். புதியவர்களுக்குத் தைரியம், பழையவர்களுக்கு எச்சரிக்கை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் நான் பக்கவாட்டுக் கதவருகே பத்து நிமிடம் நிற்பேன். கையில் அறை எண்களும் தொலைபேசி எண்களும் அச்சிட்ட துண்டுச் சீட்டுகள் இருக்கும். கூட்டத்தில் கை தூக்காதவர்கள் அங்கே வருவார்கள். "என் கூட்டாளிக்கு வேண்டும் அண்ணே" என்பார்கள். எந்தக் கூட்டாளி என்று கேட்காமல் இரண்டு சீட்டாகக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.